கணினி ஆப்பிலிருந்து லேண்ட்லைனுக்கும் மொபைலுக்கும் அழைப்பது எப்படி, மறுமுனையில் எந்த எண் தெரியும்: முழுமையான வழிகாட்டி

கணினியில் ஓர் ஆப்பைத் திறந்து, கிரெடிட் போட்டு, இன்னொரு நாட்டில் இருக்கும் ஓர் அலுவலகத்தின் லேண்ட்லைனுக்கு அழைக்கிறீர்கள். அங்கே போன் அடிக்கிறது. அந்தப் போனின் திரையில் என்ன தெரியும்? உங்கள் மொபைல் எண் தெரியலாம். நீங்கள் கேள்விப்பட்டே இராத ஓர் எண் தெரியலாம். `Private number` என்று மட்டும் வரலாம். அவர்கள் போனை எடுப்பார்களா, எடுக்காவிட்டால் திருப்பி அழைப்பார்களா, அப்படி அழைத்தால் அது யாருக்குப் போய்ச் சேரும் என்பதெல்லாம் இதைப் பொறுத்ததுதான். ஆனால் கிரெடிட் வாங்கும்போது நாம் பார்ப்பது நிமிடத்துக்கு எவ்வளவு என்பதை மட்டும்தான். அதனால் இந்தக் கட்டுரையில் எண் விஷயத்துக்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். எல்லா அழைப்பு ஆப்களும் இதற்கு உதவாது. வாட்ஸ்அப்பில் வாட்ஸ்அப் வைத்திருப்பவரை மட்டுமே அழைக்க முடியும். சாதாரண லேண்ட்லைனுக்கு அதிலிருந்து போகாது. நமக்கு வேண்டியது, இணையத்திலிருந்து கிளம்பும் பேச்சைத் தொலைபேசி நெட்வொர்க்குக்குள் கொண்டுபோய் விடும் சேவை. ஸ்கைப் 2004இல் இதைப் பரவலாக்கியது. அந்தச் சேவை 2025 மே 5ஆம் தேதியோடு மூடப்பட்டது. இப்போது வைபரில் `Viber Out` இருக்கிறது. இது தவிர, இணைய அழைப்புகளைத் தொடங்கப் பல ஆப்கள் பொதுவாகப் பயன்படுத்தும் எஸ்ஐபி என்ற முறையில் கணக்கு தரும் சேவைகள் நிறைய உண்டு. அந்தக் கணக்கை `Linphone`, `MicroSIP` போன்ற இலவச ஆப்களில் போட்டு அழைக்கலாம். எதை எடுத்தாலும் அடிப்படை வேலை ஒன்றுதான்.

எண் எங்கிருந்து வருகிறது

மொபைலில் சிம் போட்டு அழைக்கும்போது உங்கள் எண்ணை நீங்கள் எழுதி அனுப்புவதில்லை. சிம் யாருடையது என்று நெட்வொர்க்குக்குத் தெரியும். அதுவே எண்ணைச் சேர்த்துவிடும். கணினி ஆப்பில் சிம் கிடையாது. உங்கள் குரல் இணையம் வழியாகச் சேவை நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அங்கிருந்து கேட்வே என்னும் வாசல் வழியாகத் தொலைபேசி நெட்வொர்க்குக்குள் நுழைகிறது. அப்படி நுழையும்போது, அழைப்பவரின் எண் இது என்று அந்தச் சேவை நிறுவனம்தான் எழுதி அனுப்புகிறது. உண்மையில் அது ஒரு வரி எழுத்து மட்டுமே. எஸ்ஐபி வழி அழைப்பின் தொடக்கச் செய்தியைத் திறந்து பார்த்தால் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
INVITE sip:+442079460958@sip.example.com SIP/2.0
From: <sip:+12025550147@sip.example.com>;tag=4f21
P-Asserted-Identity: <sip:+12025550147@sip.example.com>
```

முதல் வரியில் இருப்பது நீங்கள் அழைக்கும் எண். இரண்டாவது, நான் இன்னார் என்று உங்கள் தரப்பு சொல்வது. மூன்றாவது, இவர் இன்னார்தான் என்று சேவை நிறுவனம் தன் பொறுப்பில் சொல்வது. மறுமுனையின் திரைக்குப் போகும் எண் இந்த இரண்டில் ஒன்றிலிருந்து எடுக்கப்படுகிறது. எதை எடுப்பது என்பது வழியில் இருக்கும் நெட்வொர்க்குகளைப் பொறுத்தது. இரண்டிலும் வேறு வேறு எண் இருந்தால், ஒருவருக்கு ஒரு எண்ணும் இன்னொருவருக்கு வேறு எண்ணும் தெரிய வாய்ப்புண்டு.

கண்ட எண்ணையெல்லாம் எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்கலாம். தொழில்நுட்பம் தடுப்பதில்லை, மோசடிக்காரர்கள் செய்வது அதைத்தான். அதனால்தான் நல்ல சேவைகள், அந்த எண் உங்களுடையது என்று நீங்கள் நிரூபிக்காமல் எழுத விடுவதில்லை.

உங்களுக்கு இருக்கும் மூன்று வழிகள்

ஒன்றும் செய்யாமல் அப்படியே அழைப்பது முதல் வழி. கணக்கு தொடங்கியதும் இந்த நிலையில்தான் இருப்பீர்கள். அப்போது மறுமுனையில் `Unknown` என்றோ `Private number` என்றோ வரும். இல்லாவிட்டால் சேவை நிறுவனம் தன் வாடிக்கையாளர்கள் எல்லோருக்குமாக வைத்திருக்கும் பொது எண் ஏதாவது தெரியும். அந்தப் பொது எண்ணைத் திருப்பி அழைத்தால் உங்களுக்கு வராது. பெரும்பாலும் பதிவு செய்த குரல் ஒன்று கேட்கும், அல்லது அப்படி ஓர் எண் இல்லை என்று சொல்லிவிடும். எண் காட்டாத அழைப்புகளைத் தானாகவே தடுக்கும் லேண்ட்லைன்களும் இருக்கின்றன. அங்கே உங்கள் அழைப்பு மணியே அடிக்காது.

இரண்டாவது வழி, உங்கள் சொந்த மொபைல் எண்ணைச் சரிபார்த்துக் காட்டுவது. ஆப்பின் அமைப்புகளில் `Caller ID` என்ற இடத்தில் எண்ணைக் கொடுத்தால், அந்த எண்ணுக்கு ஒரு குறியீடு எஸ்எம்எஸ்ஸாகவோ குரல் அழைப்பாகவோ வரும். அதை ஆப்பில் போட்டதும், இனி உங்கள் அழைப்புகளில் அந்த எண் எழுதப்படும். வைபரில் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். நீங்கள் பதிவு செய்த மொபைல் எண்ணே போகும். இந்த வழியில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அவர்கள் திருப்பி அழைத்தால் மணி அடிப்பது மொபைலில்தான், கணினியில் அல்ல. வெளிநாட்டில் இருந்துகொண்டு அந்த சிம்மை அணைத்து வைத்திருந்தால், அழைப்பு உங்களை எட்டாது.

மூன்றாவது, சேவை நிறுவனத்திடம் மாத வாடகைக்கு ஓர் எண் வாங்குவது. இந்த எண்தான் மறுமுனையில் தெரியும். திருப்பி அழைத்தால் நேராக ஆப்பில் மணி அடிக்கும். ஒரே இடத்துக்கு அடிக்கடி பேச வேண்டியவர்களுக்கு என் பரிந்துரை இதுதான், அதிலும் அழைக்கப்படும் நாட்டின் எண்ணாகவே வாங்குவது. அவர்களுக்கு அது உள்ளூர் அழைப்பாகத் தெரியும், திருப்பி அழைக்கும் செலவும் குறைவு. ஆனால் இத்தகைய எண்களுக்கு எஸ்எம்எஸ் வருமா என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பல எண்களுக்கு வராது. வந்தாலும், இணைய எண் என்று கண்டுகொண்டு ஓடிபி அனுப்ப மறுக்கும் வங்கிகள் உண்டு.

ஆண்டுக்கு ஓரிரு முறை அழைப்பவருக்கு வாடகை எண் வீண் செலவு. அவருக்கு இரண்டாவது வழியே போதும்.

படிப்படியாக

சரி, செய்யத் தொடங்குவோம். ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு போனால் எளிது. உங்கள் மொபைல் எண் +1 202 555 0147. நீங்கள் அழைக்க வேண்டியது லண்டனில் ஓர் அலுவலகத்தின் லேண்ட்லைன்: அவர்கள் கொடுத்த அட்டையில் +44 (0)20 7946 0958 என்று இருக்கிறது. இரண்டுமே உதாரணங்களுக்காக ஒதுக்கி வைக்கப்பட்ட எண் தொகுப்புகளில் இருப்பவை. அழைத்துப் பார்க்க வேண்டாம்.

முதல் படி, கிரெடிட் வாங்கும் முன் கட்டணப் பட்டியலில் இந்த எண் எந்த வகையில் வருகிறது என்று பாருங்கள். நாட்டின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. பல நாடுகளுக்கு லேண்ட்லைனுக்கு ஒரு விலை, மொபைலுக்கு வேறு விலை. மொபைல் பல மடங்கு அதிகமாகவும் இருக்கும். காரணம், அழைப்பை உள்ளே வாங்கிக்கொள்வதற்கு மொபைல் நிறுவனம் கேட்கும் கட்டணம் பெரும்பாலும் அதிகம். பட்டியலில் மூன்று விஷயங்கள் வேண்டும்: நிமிட விலை, இணைப்புக் கட்டணம் என்று ஒன்று உண்டா, விநாடிக்கணக்கா முழு நிமிடக் கணக்கா.

இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு குழப்பமே வராது. கிரெடிட் 100 அலகு என்று வைத்துக்கொள்வோம். லேண்ட்லைனுக்கு நிமிடத்துக்கு 2 அலகு, மொபைலுக்கு 6, ஒவ்வோர் இணைப்புக்கும் 3. அலுவலகத்தை அழைத்தீர்கள், பதிவுக் குரல் எடுத்தது, 11 நிமிடம் காத்திருந்து, 6 நிமிடம் 20 விநாடி பேசினீர்கள். மொத்தம் 17 நிமிடம் 20 விநாடி. முழு நிமிடக் கணக்கு என்றால் அது 18 நிமிடம். 36 அலகும் இணைப்புக்கு 3ம் சேர்த்து 39 போய்விட்டது. காத்திருந்த 11 நிமிடத்துக்கும் காசு உண்டு, ஏனென்றால் பதிவுக் குரல் எடுத்தாலும் எடுத்ததாகவே கணக்கு. மீதி 61. இப்போது அவர்கள் ஓர் அதிகாரியின் மொபைல் எண்ணைக் கொடுத்து அதற்குப் பேசச் சொல்கிறார்கள். இணைப்புக்கு 3 போக 58. அதை 6ஆல் வகுத்தால் முழுதாக 9 நிமிடம்தான். பத்தாவது நிமிடம் தொடங்கும் இடத்தில் அழைப்பு கட் ஆகும். சில ஆப்கள் முன்கூட்டியே ஒரு ஒலி எழுப்பும். சிலவற்றில் அதுவும் இருக்காது. அதனால் மொபைலுக்கு அழைக்கும் முன், மீதியை நிமிட விலையால் வகுத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

கிரெடிட்டை மொத்தமாக வாங்கி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பயன்படுத்தாமல் விட்டால் செயலற்றுப் போகும் விதி பல சேவைகளில் உண்டு. ஸ்கைப்பில் அது 180 நாளாக இருந்தது. சேவையே மூடப்பட்டால் மீதியைப் பற்றி மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான். தானாக நிரப்பும் வசதியையும் அணைத்து வைப்பதே பாதுகாப்பு. கணக்கின் கடவுச்சொல் யார் கையிலாவது சிக்கினால், விலையுயர்ந்த எண்களுக்கு அழைத்து அழைத்துக் கிரெடிட்டைக் கரைப்பார்கள். தானாக நிரப்புவது இருந்தால் இழப்பு உங்கள் வங்கி அட்டை வரை போகும்.

இரண்டாம் படி, எண்ணைச் சரியாக எழுதுவது. எண் இப்படி இருக்க வேண்டும்:

```
+442079460958
```

கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, பிறகு எண். இடைவெளி, அடைப்புக்குறி, கோடு எதுவும் வேண்டாம். உலகின் எந்தத் தொலைபேசி எண்ணும் இந்த வடிவத்தில் கூட்டல் குறி நீங்கலாக 15 இலக்கத்தைத் தாண்டாது. அட்டையில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் 0, அந்த நாட்டுக்குள் இருந்து அழைப்பவர்களுக்கானது. அதை வைத்தே +44020 என்று அழுத்தினால், எண் தவறு என்று வரும், அல்லது எந்த ஒலியும் இல்லாமல் துண்டிக்கப்படும். பெரும்பாலான நாடுகளுக்கு இந்த 0ஐ நீக்க வேண்டும். ஆனால் இத்தாலி லேண்ட்லைன்களுக்கு அதை நீக்கக் கூடாது. ரோம் எண் +39 06 என்றே தொடங்கும்.

மூன்றாம் படி, எந்த எண்ணைக் காட்டுவது என்று முடிவு செய்து அமைப்பது. நம் உதாரணத்தில் மொபைல் எண்ணைச் சரிபார்க்கிறோம். குறியீடு வரும் நேரத்தில் அந்த சிம் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். ஊருக்குக் கிளம்பும் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. சரிபார்த்ததும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பல ஆப்களில் சரிபார்ப்பது ஓர் இடத்திலும், சரிபார்த்த எண்ணை வெளிச்செல்லும் அழைப்புக்குத் தேர்வு செய்வது இன்னோர் இடத்திலும் இருக்கும். இரண்டாவதைச் செய்யாவிட்டால், எண் கணக்கில் பதிவாகி இருக்கும், மறுமுனையில் `Unknown` என்றுதான் தெரியும். எஸ்ஐபி கணக்கு என்றால் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போய்த் தேர்வு செய்யுங்கள். கணினி ஆப்பில் பெயர் எழுதும் பெட்டியில் எண்ணை எழுதுவதால் எதுவும் மாறுவதில்லை. அதைச் சர்வர் பெரும்பாலும் அழித்துவிட்டுத் தன்னிடம் இருப்பதையே எழுதும்.

அமைத்த பிறகு சில மணி நேரம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும் சேவைகளும் உண்டு. உடனே தெரியவில்லை என்றால் மறுநாள் பாருங்கள்.

நான்காம் படி, சோதனை. இதை விட்டுவிட்டு நேராக அலுவலகத்தை அழைப்பவர்கள்தான் அதிகம். வேறு ஒருவரின் மொபைலுக்கு ஒரு அழைப்பு போட்டு, திரையில் வந்ததை அப்படியே இலக்கம் இலக்கமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது. உங்கள் சொந்த மொபைலுக்கே அழைத்துச் சோதிக்கத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். அந்த எண்ணிலிருந்து அந்த எண்ணுக்கே அழைப்பு வருவதைச் சில நெட்வொர்க்குகள் குரலஞ்சலைக் கேட்க வந்த அழைப்பு என்று எடுத்துக்கொள்ளும். மணி அடிக்காமல் நேராகக் குரலஞ்சலுக்குப் போகும். அமைப்பு சரியாகத்தான் இருக்கும், நமக்குத்தான் தவறாகிவிட்டது போலத் தோன்றும்.

சோதிக்கும் நண்பரின் போனில் உங்கள் எண் சேமித்து இருந்தால் பெயர் மட்டும் தெரியும். போன்கள் பொதுவாகக் கடைசிச் சில இலக்கங்களை ஒப்பிட்டே பெயரைக் காட்டுகின்றன. அதனால் முன்னால் ஒட்டியிருக்கும் இலக்கங்கள் தவறாக இருந்தாலும் பெயர் வந்துவிடும். அழைப்புப் பட்டியலில் போய் முழு எண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்கள் அழைக்கப்போகும் நாட்டில் இருப்பவர் ஒருவரை வைத்தே சோதியுங்கள். ஒரு நாட்டில் சரியாகத் தெரிந்தது இன்னொரு நாட்டில் தெரியும் என்று சொல்ல முடியாது.

ஐந்தாம் படி, உண்மையான அழைப்பு. ஹெட்செட் போட்டுக்கொள்ளுங்கள், கணினியின் ஸ்பீக்கரில் பேசினால் அவர்கள் குரல் அவர்களுக்கே எதிரொலியாகத் திரும்பும். ஆப்பில் சரியான மைக் தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள். இணையம் பெரிய வேகம் வேண்டியதில்லை, ஒரு பேச்சுக்கு விநாடிக்கு 100 கிலோபிட் அளவு போதும். வேகத்தைவிட அது சீராக இருப்பதே முக்கியம். பின்னணியில் பெரிய கோப்பு எதுவும் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ஆப்பில் நண்பரோடு பேசும்போது இருக்கும் தெளிவு லேண்ட்லைன் அழைப்பில் பெரும்பாலும் இருக்காது. கடைசிப் பகுதி பழைய தொலைபேசி நெட்வொர்க். அது 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கொண்டு போகும். உங்கள் இணைப்பில் குறை என்று நினைத்துத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பதிவுக் குரல் 2ஐ அழுத்தச் சொன்னால், ஆப்பின் டயல் பேடைத் திறந்து அதில் அழுத்துங்கள். அழுத்தியும் அதே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தால், உங்கள் அழுத்தல் போய்ச் சேரவில்லை. எஸ்ஐபி ஆப்களில் இதற்கு `DTMF` என்று ஓர் அமைப்பு இருக்கும். அதில் `RFC 2833` அல்லது `RFC 4733` என்பதைத் தேர்வு செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இலக்கத்தை ஒலியாக அனுப்பாமல் தனிச் செய்தியாக அனுப்பும் முறை அது. ஒலியாகவே அனுப்பினால், பேச்சைச் சுருக்கும் வேலையில் அந்த ஒலி சிதைந்து, மறுமுனைக்குப் புரியாமல் போகிறது.

ஆள் பேச வந்ததும் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: “உங்கள் திரையில் என் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் என்ன?” 0147 என்றால் சரி. வேறு ஏதாவது சொன்னால், திருப்பி அழைக்க வேண்டிய எண்ணை வாயால் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அழைப்பு வேறு ஒருவருக்கு மாற்றப்பட்டிருந்தால் அவர் திரையில் வரவேற்பாளரின் உள் எண்தான் பெரும்பாலும் தெரியும்; அவரிடம் எண்ணைச் சொல்லிவிடுவதே நேரடியான வழி.

எல்லாம் சரியாகச் செய்தும் எண் தெரியாவிட்டால்

இங்கேதான் பலர் ஆப்பைத் திட்டிவிட்டு விட்டுவிடுகிறார்கள். காரணம் பல இடங்களில் இருக்கலாம். எங்கே என்று கண்டுபிடிக்க, திரையில் என்ன தெரிந்தது என்பதே தடயம்.

திரையில் எதுவுமே தெரியவில்லை, ஆனால் மற்ற அழைப்புகளுக்கும் அப்படித்தான் என்றால், அந்த லேண்ட்லைனில் காலர் ஐடி வசதியே இல்லை. அது தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய சேவையாக இருக்கும் இடங்கள் உண்டு. திரை உள்ள கருவியும் வேண்டும். உங்கள் பக்கம் செய்ய ஒன்றுமில்லை.

எண் பாதி தெரிகிறது, அல்லது உருமாறித் தெரிகிறது என்றால், வழியில் இருந்த ஏதோ ஒரு நெட்வொர்க் அதை மாற்றி எழுதியிருக்கிறது. +12025550147 என்பது 0012025550147 என்று தெரிந்தால் பரவாயில்லை. அப்படியே திருப்பி அழைத்தாலும் பெரும்பாலும் போகும். 2025550147 என்று மட்டும் தெரிந்தால் சிக்கல். அவர்கள் அதை உள்நாட்டு எண் என்று நினைத்து அழைப்பார்கள். அழைப்பு வேறு யாருக்கோ போகும். இது நடந்தால் சேவை நிறுவனத்துக்கு அழைத்த தேதி, நேரம், இரண்டு எண்கள், திரையில் தெரிந்தது ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். ஒரே நாட்டுக்குப் பல வழித்தடங்கள் அவர்களிடம் இருக்கும். எண்ணைச் சிதைக்காத வேறு வழித்தடத்துக்கு மாற்றித் தர அவர்களால் முடியும்.

ஒருமுறை சரியாகவும் இன்னொருமுறை `Unknown` என்றும் வந்தால், அதுவும் வழித்தட விஷயமே. மலிவான வழித்தடங்களில் எண் கைமாறிக் கைமாறிப் போகும்போது தொலைந்துவிடுகிறது. ஒரே சேவையில் விலை குறைந்த வழி, தரமான வழி என்று இரண்டு இருந்தால், எண் தெரிய வேண்டிய அழைப்புக்கு இரண்டாவதைத் தேர்வு செய்யுங்கள்.

அழைக்கப்படும் நாட்டின் எண்ணையே நீங்கள் காட்டும்போது வருவது வேறு வகைச் சிக்கல். உதாரணமாக, இந்திய மொபைல் எண் வைத்திருக்கும் ஒருவர் வெளிநாட்டில் இருந்துகொண்டு, அந்த எண்ணை ஆப்பில் சரிபார்த்து, இந்தியாவுக்கு அழைக்கிறார். அழைப்பு வெளிநாட்டுத் தடத்தில் வருகிறது, எண்ணோ +91 என்று தொடங்குகிறது. மோசடிக்காரர்கள் செய்வதும் அச்சு அசல் இதேதான். அதனால் இப்படி வரும் அழைப்புகளைக் கண்டு தடுக்கும் ஓர் ஏற்பாட்டை இந்தியா 2024 அக்டோபரில் தொடங்கியது. வேறு சில நாடுகளிலும் இத்தகைய தடுப்புகள் உண்டு. நேர்மையாகச் சரிபார்த்தவர் இவர் என்று எல்லையில் இருக்கும் கருவிக்குத் தெரியாது. அறிகுறி எளிது: மற்ற நாடுகளுக்கு அழைப்பு நன்றாகப் போகிறது, அந்த நாட்டுக்கு மட்டும் மணி அடிக்காமலே துண்டிக்கப்படுகிறது, அல்லது எண் மறைந்து போகிறது. அப்போது காட்டும் எண்ணை மாற்றி, நீங்கள் இருக்கும் நாட்டின் எண்ணை வைத்து ஒருமுறை அழைத்துப் பாருங்கள். அது போனால் காரணம் உறுதி.

அமெரிக்க எண்களுக்கு அழைக்கும்போது இன்னும் ஒன்று சேரும். அங்கே 2021 ஜூன் 30 முதல் பெரிய தொலைபேசி நிறுவனங்கள், இணைய வழியில் கைமாறும் அழைப்புகளில் எண்ணுக்கு மின்கையொப்பம் இட வேண்டும். ஸ்டர்/ஷேக்கன் என்று அதற்குப் பெயர். அந்தக் கையொப்பத்தில் மூன்று தரங்கள் உண்டு. அழைப்பவரையும் தெரியும், எண் அவருடையது என்றும் தெரியும் என்றால் ஏ. அழைப்பவரைத் தெரியும், எண் அவருடையதா என்று சொல்ல முடியாது என்றால் பி. எங்கிருந்து வந்தது என்று மட்டுமே தெரியும் என்றால் சி. சேவை நிறுவனத்திடமே வாங்கிய எண்ணுக்கு ஏ கிடைப்பது எளிது. வேறு நிறுவனத்தின் மொபைல் எண்ணைச் சரிபார்த்து வைத்தால் பி மட்டுமே கிடைக்கலாம். குறைந்த தரம் கிடைத்ததால் மட்டும் அழைப்பு நின்றுவிடுவதில்லை. ஆனால் `Spam Likely` போன்ற எச்சரிக்கை வருவதில் இதற்கும் பங்குண்டு. அடிக்கடி அந்த எச்சரிக்கை வருகிறது என்றால், வாடகை எண்ணுக்கு மாறுவது பலன் தரும்.

எண் சரியாகத் தெரிந்து பெயர் மட்டும் தவறாக வருகிறதே என்று சிலர் கேட்பார்கள். அமெரிக்க லேண்ட்லைன்களில் தெரியும் பெயரை நீங்கள் அனுப்புவதில்லை. எண்ணை வைத்து, அழைப்பைப் பெறும் நிறுவனம் ஒரு தரவுத்தளத்தில் தேடி எடுத்துப் போடுகிறது. ஆப்பில் உங்கள் பெயரை மாற்றினால் அங்கே மாறாது.

இன்னொரு குறை எண்ணைப் பற்றியது அல்ல, கிரெடிட்டைப் பற்றியது. மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை, மணி ஒலி கேட்டுக்கொண்டே இருக்கிறது, ஆனால் ஆப்பில் நிமிடக் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது என்றால் உடனே துண்டியுங்கள். எடுக்காத அழைப்பை எடுத்ததாகக் காட்டும் மோசமான வழித்தடம் அது. அழைப்புப் பட்டியலில் உள்ள நேரத்தோடு புகார் கொடுத்தால் கிரெடிட்டைத் திருப்பிக் கேட்கலாம்.

எதற்கு இதை நம்பக் கூடாது

அவசர எண்களுக்கு இந்த ஆப்களை நம்பாதீர்கள். பல சேவைகளில் அவை இணைக்கப்படுவதே இல்லை. இணைந்தாலும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எடுப்பவருக்குத் தெரியாது, திரையில் உள்ள எண்ணுக்குத் திருப்பி அழைத்தாலும் உங்களை எட்டாமல் போகலாம். பக்கத்தில் சாதாரண மொபைல் ஒன்று எப்போதும் இருக்கட்டும். மூன்று நான்கு இலக்கக் குறுகிய எண்களும், கூடுதல் கட்டணச் சேவை எண்களும் பெரும்பாலும் போகாது. கட்டணமில்லா எண்கள் சில நாடுகளுக்குப் போகும், சிலவற்றுக்குப் போகாது. போகவில்லை என்றால், அந்த நிறுவனம் வெளிநாட்டிலிருந்து அழைப்பவர்களுக்குத் தந்திருக்கும் சாதாரண எண்ணைத் தேடி எடுங்கள். வங்கி அட்டையின் பின்பக்கத்தில் அது பல நேரம் அச்சாகி இருக்கும். நீங்கள் இருக்கும் நாட்டில் இணைய அழைப்புக்குத் தடையோ கட்டுப்பாடோ இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சிம்மை மாற்றும் நாளில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சரிபார்ப்பு என்பது அந்த நாளில் அந்த எண் உங்கள் கையில் இருந்தது என்பதற்கான சான்று மட்டுமே. எண்ணை நீங்கள் விட்டுவிட்டால், மொபைல் நிறுவனம் சில காலம் கழித்து அதை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும். ஆப்புக்கு அது தெரியாது. பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் அழைத்த அலுவலகம் திருப்பி அழைத்தால், உங்கள் விவரங்களைக் கேட்டுக்கொண்டு இருக்கப்போவது அந்தப் புதியவர். எண்ணை விடும் முன்பு ஆப்பின் `Caller ID` பக்கத்துக்குப் போய்ப் பழைய எண்ணை நீக்கி, புதியதைச் சரிபார்த்து, வெளிச்செல்லும் எண்ணாகத் தேர்வு செய்து, இன்னொருவர் மொபைலில் மறுபடி ஒருமுறை சோதித்துவிடுங்கள்.